கடை மைக்கில் தள்ளுபடி அறிவிப்பும் அடைப்பு நேர அறிவிப்பும் எழுதுவது எப்படி

கடைக்கு வந்தவர் யாரும் அறிவிப்பு கேட்க வந்தவர் இல்லை. பையனுக்கு டவுசர் இடுப்பில் நிற்குமா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் சேலையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரில் குரல் வந்ததும் அவர் காது அந்தப் பக்கம் திரும்ப இரண்டு மூன்று நொடி ஆகும். அதற்குள் நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் காற்றோடு போயிருக்கும். மைக் அறிவிப்பு எழுதப் புதிதாக உட்காருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம், கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் சில வருடம் மைக் என் பொறுப்பில் இருந்தது. கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள கடை. ஆடித் தள்ளுபடிக்கும் இரவு கடை அடைக்கும் நேரத்துக்கும் அங்கே எழுதிப் பழகியதைத்தான் இங்கே சொல்கிறேன். எந்தக் கடைக்கும் இதே முறையில் எழுதலாம்.

முதலில் கடையைச் சுற்றி நடங்கள்

பேனாவை எடுக்கும் முன் ஒரு வேலை. மைக்கில் ஒருவரை எதையாவது படிக்கச் சொல்லிவிட்டு, கடையின் எல்லா மூலைக்கும் போய் நின்று கேளுங்கள். எங்கள் கடையில் பில் போடும் இடத்தில் கணீரென்று கேட்கும். மாடியில் சேலைப் பிரிவின் கடைசி அலமாரிக்கிட்ட பாதிச் சொல் விழாது. வாசல் பக்கம் ஆடி மாதத்தில் கச்சான் காற்று ஷட்டரை அடித்துக்கொண்டே இருக்கும், அங்கே சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் ஒயர் முனை பச்சை பிடித்துக் கரகரவென்று இழுப்பதும் நம் ஊரில் சகஜம். ஒயரை மாற்றுவது எலக்ட்ரீசியன் வேலை. எந்த மூலையில் எந்தச் சொல் தேய்கிறது என்று குறித்துக்கொள்வது உங்கள் வேலை. எழுதும்போது அந்த மோசமான மூலையில் நிற்கிறவருக்காகத்தான் எழுத வேண்டும்.

நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும் நேரத்தில் மைக்கைத் தொடக்கூடாது. ஆடியில் எங்கள் பக்கம் பொழுது ஆறரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சாயும், கூட்டம் சேர்கிற நேரமும் அதுதான். மஃரிப் பாங்கு முடிந்து ஐந்து நிமிடம் விட்டு அடுத்த அறிவிப்பு என்று நாங்கள் தாளிலேயே எழுதி ஒட்டியிருந்தோம். கோயில் பக்கத்தில் கடை இருந்தால் பூசை மணி நேரத்தையும் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வெளியே தெருவைப் பார்த்து ஸ்பீக்கர் வைப்பது தனிக் கதை. அதற்கு முறையாக அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இங்கே நான் எழுதுவது கடைக்குள் கேட்கும் அறிவிப்பைப் பற்றி மட்டும்.

ஒரு அறிவிப்பு, ஒரு சேதி

முதலாளிகள் பெரும்பாலும் நோட்டீஸுக்கு எழுதியதையே மைக்குக்கும் கொடுப்பார்கள். எனக்கு முதன்முதலில் கையில் கொடுத்த தாளில் இருந்தது இது:

"ஆடித் திருவிழாவை முன்னிட்டு எமது நிறுவனத்தின் முதல் தளத்தில் அமைந்துள்ள சேலைப் பிரிவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களுக்கு பத்து முதல் ஐம்பது சதவீதம் வரை சிறப்புத் தள்ளுபடி வழங்கப்படுகிறது என்பதை வாடிக்கையாளப் பெருமக்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்."

கண்ணால் படித்தால் பிழை ஒன்றும் தெரியாது. காதுக்கு வேறு மாதிரி. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அதுவரை கேட்கிறவர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் சேதியெல்லாம் நடுவில் இருக்கிறது, காது முழுதாகத் திரும்பிய நேரத்தில் "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்" மட்டும்தான் மிச்சம்.

இதைப் படித்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மா பட்டுச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தார். தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் துணிக்காசைத் தள்ளி வைத்திருந்த வீடுகள் ஆடியில்தான் கடை ஏறும். அவர் வீடும் அப்படித்தான். விலையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"பாதி விலைன்னுதானே தம்பி மைக்குல சொன்னீங்க?"

"தேர்ந்தெடுத்த சேலைக்கு மட்டும்தான் ஆத்தா."

"அதை எப்பச் சொன்னீங்க?"

சொன்னேன், நான்தான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்தது "ஐம்பது சதவீதம்" ஒன்றுதான். "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்பதும் "வரை" என்பதும் வாக்கியத்துக்குள் புதைந்து போயிருந்தன. அவர் சேலையை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் அதே கேள்வியோடு பதினோரு பேர் வந்தார்கள், எண்ணி வைத்தேன். தப்பு அவர்கள் காதில் இல்லை, என் தாளில் இருந்தது.

இது வெறும் மனஸ்தாபத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்று சொல்லும்போது ஒலியால் செய்யும் அறிவிப்பையும் சேர்த்தே சொல்கிறது. மைக்கில் வாய்தவறி "எல்லாமே பாதி விலை" என்றால் அதுவும் விளம்பரம்தான், பதில் சொல்ல வேண்டியது கடைதான்.

தள்ளுபடி அறிவிப்பைத் திருத்தி எழுதுவது

அன்று இரவு கடை எடுத்து வைத்தபின் மாடிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காக்காவும் நானும் உட்கார்ந்து தாளை மாற்றினோம். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்ட முதல் கேள்வி நல்ல கேள்வி. "தேர்ந்தெடுத்த சேலைங்கிறியே, எது தேர்ந்தெடுத்ததுன்னு வர்றவுகளுக்கு எப்படித் தெரியும்?" காதுக்குச் சொல்வதைக் கண்ணால் பார்க்க ஓர் அடையாளம் வேண்டும். மறுநாள் காலை பாதி விலைச் சேலைகளில் மட்டும் மஞ்சள் அட்டை தொங்கவிட்டோம். 10, 20 சதவீதத் தள்ளுபடிகளை மைக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். அது விலைச்சீட்டில் இருந்தால் போதும். மைக்குக்குப் பாதி விலை ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். எழுதியது இது:

"வாடிக்கையாளர்களே, ஆடித் தள்ளுபடி அறிவிப்பு. சேலை எடுக்க வந்தவர்களுக்கு. மாடியில், மஞ்சள் அட்டை போட்ட சேலைகளுக்குப் பாதி விலை. ஆயிரம் ரூபாய்ச் சேலை ஐந்நூறு ரூபாய். மஞ்சள் அட்டை இல்லாத சேலைக்குப் பாதி விலை இல்லை. மாடிப்படி ஏறியதும் வலது கைப் பக்கம். மஞ்சள் அட்டை, பாதி விலை."

நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. நிதானமாகப் படித்தால் அரை நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் போனால் ஜனங்கள் மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் வாக்கியம் காதைத் திருப்ப மட்டும்தான், அது தொலைந்தாலும் நஷ்டமில்லை. இரண்டாவது, யாருக்கு என்பது. வேட்டி எடுக்க வந்தவர் அதோடு தன் வேலையைப் பார்க்கலாம், சேலைக்காரர் நின்று கேட்பார். அடுத்தது சேதி. அதற்குப் பின் நிபந்தனை, தனி வாக்கியமாக. "மட்டும்", "வரை", "தேர்ந்தெடுத்த" போன்ற சொற்களை எந்த வாக்கியத்திலும் ஒட்டாக வைக்காதீர்கள். எதற்குத் தள்ளுபடி இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். விற்பனை குறையும் என்று முதலாளி தயங்குவார். ஆனால் பில் மேஜையில் மடித்து வைத்துவிட்டுப் போகும் சேலை விற்பனையில் சேராது. கடைசியில் இடம், அப்புறம் சேதி இன்னொரு தடவை, நான்கே சொல்லில். நடுவில் காது கொடுத்தவருக்கு அந்தக் கடைசி நான்கு சொல்தான் அறிவிப்பு.

இடத்தைச் சொல்லும்போது "முதல் தளம்" என்பதைத் தவிருங்கள். சிலருக்கு அது கீழே இருப்பது, சிலருக்கு மேலே. "கீழே", "மாடியில்", "மேல் மாடியில்" என்று சொன்னால் எங்கள் கடையில் யாரும் வழி தவறவில்லை. "இடது பக்கம்" என்று மொட்டையாகவும் சொல்லக்கூடாது, யாருடைய இடது என்று கேள்வி வரும். எங்கே நின்று பார்த்தால் இடது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்கள் காதில் குழம்பும்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், பெரும்பாலான சண்டை எண்ணில்தான் வருகிறது. ஆயிரம், ஐந்நூறு என்ற உதாரணத்தை நாங்கள் யோசித்துத்தான் எடுத்தோம். முதலில் எழுதியது "அறுநூறு ரூபாய்ச் சேலை முந்நூறு". கடைசி அலமாரிக்கிட்ட நின்ற பெண்ணுக்கு அது "இருநூறு ரூபாய்ச் சேலை" என்று கேட்டது. அறுநூறும் இருநூறும் ஸ்பீக்கரில் அண்ணன் தம்பி மாதிரி. தொண்ணூறும் எண்ணூறும் அதைவிட மோசம். தொண்ணூறு ரூபாய் கைக்குட்டை செட்டைச் சொல்லும்போது முதல் எழுத்து தேய்ந்தால் எண்ணூறு ஆகிவிடும். இப்படிப்பட்ட எண் வந்தால் இரண்டு வழி: "நூறு ரூபாய்க்குள்" என்று முழு எண்ணுக்கு மாற்றுங்கள், அல்லது "ஒன்பது, பூஜ்யம், தொண்ணூறு" என்று இலக்கமாகவும் சேர்த்துப் படியுங்கள்.

999 ரூபாய் என்று விலைச்சீட்டில் போட்டிருப்பதை மைக்கில் "தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது" என்று படிப்பது வீண். மூச்சு வாங்கும், கேட்பவருக்கு "தொள்ளாயிரம்" என்று நிற்கும், 900 ரூபாய் என்று வந்து நிற்பார். "ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் குறைவு" என்றால் குழப்பமே இல்லை.

மணிக்கும் இதே கதைதான். "எட்டே முக்கால்" என்றால் பாதிப் பேர் எட்டு மணி என்று எடுத்துக்கொள்வார்கள். "ஒன்பதரை" சொல்லும்போது அந்த "அரை" மட்டும் கீழிறங்கிக் காணாமல் போகும். தாளில் "ஒன்பது முப்பது, ஒன்பதரை மணி" என்று இரண்டு விதமாகவும் எழுதிவிடுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது காதில் விழும்.

தாளில் எண்ணை இலக்கமாக எழுதாமல் எழுத்தால் எழுதுவதும் நல்லது. அவசரத்தில் படிக்கிறவர் 550ஐ ஐந்நூறு என்று ஆரம்பித்து நடுவில் திக்குவார். எழுத்தால் இருந்தால் அப்படியே வாயில் வரும்.

எத்தனை தடவை சொல்வது

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் சொன்னால் வாடிக்கையாளருக்கு அது காற்றாடிச் சத்தம் மாதிரி ஆகிவிடும், வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தலைவலி. இரண்டு பொருளுக்குத் தள்ளுபடி இருந்தால் ஒன்றை இப்போது, மற்றதை அடுத்த இருபதாவது நிமிடம். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள்.

ஆடி அமாவாசை அன்று மட்டும் நாங்கள் தாளை மாற்றுவோம். சேதுக்கரையில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் சேலைத் தள்ளுபடி காதில் ஏறாது. "வேட்டி, துண்டு கீழேயே, வாசலுக்கு நேர் எதிரில். மாடி ஏற வேண்டாம்." காலையில் அது ஒன்றுதான் ஓடும். ராமேஸ்வரம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இந்தி, தெலுங்கிலும் சொல்ல வேண்டி வரும். அப்போது தமிழ் அறிவிப்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் மற்ற மொழியைச் சொருகாமல், ஒரு மொழியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

கடை அடைக்கும் நேர அறிவிப்பு

தள்ளுபடி அறிவிப்பில் வரச் சொல்கிறோம், இதில் போகச் சொல்கிறோம். அதனால் இதில் சொல் தேர்வுக்கு இன்னும் கவனம் வேண்டும். "கடை மூடப்படுகிறது" என்று எழுதாதீர்கள். நம் ஊரில் கடையை மூடிவிட்டார்கள் என்றால் வியாபாரமே நின்றுபோனது என்று அர்த்தம் ஆகிவிடும், எந்த முதலாளிக்கும் அது காதுக்கு ஆகாது. "இன்றைய விற்பனை நிறைவடைகிறது" என்றோ "கடை அடைக்கும் நேரம்" என்றோ எழுதுங்கள்.

அடுத்து, அடைக்கும் நேரம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்குங்கள். ஷட்டர் இறங்கும் நேரமும் கடைசி பில் நேரமும் வேறு வேறு. எங்கள் கடையில் ஒன்பதரைக்குக் கடைசி பில். "கடை ஒன்பதரைக்கு அடைக்கப்படும்" என்று மட்டும் சொன்ன நாட்களில் ஒன்பது இருபத்தைந்துக்கு ஒருவர் மேல் மாடியில் புதுக் கட்டைப் பிரிக்கச் சொல்வார், அவர் மேல் தப்பில்லை. வாடிக்கையாளருக்கு வேண்டியது பில் நேரம்தான், அதை மட்டும் சொல்லுங்கள்.

நாங்கள் மூன்று தடவை சொல்வோம், மூன்றும் வேறு வேறு. ஒன்பது மணிக்கு முதலாவது:

"வாடிக்கையாளர்களே, நேர அறிவிப்பு. இப்போது மணி ஒன்பது. பில் போடுவது ஒன்பது முப்பது, ஒன்பதரை மணி வரை. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள்."

இதன் வேலை அவசரப்படுத்துவது அல்ல. ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டேதான் துணி பார்ப்பார்கள். மணி என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும், மீதியை அவர்களே முடிவு செய்வார்கள். அதனால்தான் "இப்போது மணி ஒன்பது" என்ற வாக்கியம் அவசியம். சுவர்க் கடிகாரம் இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

ஒன்பதேகாலுக்கு இரண்டாவது. இதில் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும்:

"வாடிக்கையாளர்களே, நேர அறிவிப்பு. பில் போட இன்னும் பதினைந்து நிமிடம். எடுத்த துணியோடு கீழே பில் கவுண்ட்டருக்கு வாருங்கள். போட்டுப் பார்க்கும் அறையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், முடித்துவிட்டு வாருங்கள். கடைசி பில் ஒன்பது முப்பது."

அந்த அறையைப் பற்றிய வரியை மாடியில் வேலை பார்க்கும் லாத்தா ஒருவர்தான் சேர்க்கச் சொன்னார், அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் "வாருங்கள், வாருங்கள்" என்று கேட்டால் பதறிப்போகிறார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது.

மூன்றாவது ஒன்பது இருபத்தைந்துக்கு. மிகச் சிறியது. "வாடிக்கையாளர்களே, கடைசி பில்லுக்கு இன்னும் ஐந்து நிமிடம். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பில் போட்டுத்தான் அனுப்புவோம். இன்று வந்ததற்கு நன்றி. நாளை காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்." வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லும் அந்த உறுதி இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் முண்டத் தொடங்குவார். அப்படிச் சொல்லிவிட்டுப் பாதியில் கம்ப்யூட்டரை அணைத்துவிடவும் கூடாது. காசாளரிடம் முன்பே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்த மூன்றிலும் தள்ளுபடியைக் கலக்காதீர்கள். "கடைசி அரை மணி நேரம், அள்ளுங்கள்" என்று முதலாளி சொல்லச் சொல்வார். பில் வரிசை ஏற்கெனவே வாசல் வரை நிற்கும் நேரத்தில் புதுக் கூட்டத்தை மாடிக்கு ஏற்றுவது அடைப்பு அறிவிப்புக்கு நேர் எதிரான வேலை. எட்டே முக்காலோடு தள்ளுபடித் தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம்.

படிக்கும்போது

மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஒட்டிப் பிடித்தால் "பாதி", "பில்" என்ற சொற்கள் காற்றாக வெடிக்கும். ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். வீட்டில் பேசும் வேகத்தைவிடக் குறைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். முக்கியமாக வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை இறக்காதீர்கள். தமிழில் "உண்டு", "இல்லை" இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. "பாதி விலை இல்லை" என்பதில் "இல்லை" இறங்கிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பில் கவுண்ட்டரிலும் மாடியிலும் ஒரு நோட்டு வையுங்கள். அறிவிப்புக்குப் பின் பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை வேலை பார்ப்பவர்கள் ஒரு கோடு போட்டுக் குறிக்கட்டும். "எங்கே?" என்று நிறையக் கோடு விழுந்தால் இடம் சொன்ன வாக்கியம் சரியில்லை. "எல்லாத்துக்குமா?" என்றால் நிபந்தனை வாக்கியம். மஞ்சள் அட்டை மாட்டிய பிறகு எங்கள் நோட்டில் "எல்லாத்துக்குமா?" என்ற கேள்வி பதினொன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. அந்த இரண்டு பேரும் கடைசி அலமாரிக்கிட்ட நின்றவர்கள், அதற்கு மருந்து அங்கே இன்னொரு சின்ன ஸ்பீக்கர்தான்.

ஒவ்வொரு தாளின் மேலேயும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பெரிதாக எழுதி வையுங்கள். ஆடி கடைசி நாள் இரவு மூன்றாவது அறிவிப்பு முடிந்ததும், மஞ்சள் அட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே தள்ளுபடித் தாளை மைக் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆவணி முதல் நாள் காலையில் வேறு ஒருவர் மைக்குக்கு வருவார், கண்ணில் பட்ட தாளை எடுத்துத்தான் படிப்பார்.